சுவாமிமலையிலிருந்து லண்டனுக்கு ஒரு நடராஜர்

ஓரடி உயர நடராஜர். எடை ஐந்து கிலோ இருக்கும். மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண் பூசி, உலோகம் ஊற்றி, அச்சை உடைத்து, உளியும் அரமுமாக வாரக்கணக்கில் செதுக்கி முடித்தாயிற்று. வாங்குபவர் லண்டனில் இருக்கிறார், பணமும் வந்துவிட்டது. இனி அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் சுங்க அதிகாரி அந்தப் பெட்டியைத் திறந்தால் விலையைப் பற்றியோ வேலைப்பாட்டைப் பற்றியோ முதலில் கேட்கப் போவதில்லை. இந்தச் சிலைக்கு என்ன வயது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வயதுள்ள சிற்பத்தைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. இதை மீற விரும்பியவர்கள் பிடித்த குறுக்குவழி, பழைய சிலையைப் புதிய கைவினைப் பொருள் என்று எழுதி அனுப்புவது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருட்டுப்போன சோழர் கால நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போய், 2014இல்தான் திரும்பி வந்தார். அப்படிப்பட்ட வழக்குகளைப் பார்த்த சுங்கத் துறைக்கு, போன மாதம் வார்த்த சிலையும் சந்தேகத்துக்குரியதுதான். சுவாமிமலை ஸ்தபதிகள் பழைய தாளமானக் கணக்கை மாற்றாமல் வார்ப்பதால், புதியதும் பழையதும் பார்வைக்கு நெருக்கமாகவே இருக்கும்.

ஆகவே முதல் காகிதம், ‘இது தொல்பொருள் அல்ல’ என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்று. அத்துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. சிலையின் படங்கள், அளவு, எடை, யார் செய்தார், எவ்வளவுக்கு விற்கப்பட்டது என்ற ரசீது ஆகியவற்றோடு விண்ணப்பித்து, சிலையையும் நேரில் காட்ட வேண்டும். பார்த்தவர்கள் திருப்தியடைந்தால் படத்தோடு கூடிய சான்று கிடைக்கும். பெட்டியை ஆணியடித்து மூடிய பிறகு இதைப் பற்றி யோசிப்பவர்கள் மூடியதைப் பிரித்து, சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரும். மொத்தமாக ஏற்றுமதி செய்யும் கடைக்காரர்கள் பல சிலைகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டிச் சான்று வாங்குவது இந்த அலைச்சலை மிச்சப்படுத்தத்தான்.

இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய வினையாகும். பச்சை படிந்ததுபோல் ரசாயனப் பூச்சு கொடுத்த சிலைகளை இணையத்தில் ‘ஆன்டிக் சோழா பிரான்ஸ்’ என்று போட்டு விற்பது வழக்கமாகிவிட்டது. அதே வரியை அப்படியே விலைப்பட்டியலில் ஒட்டினால், விற்பவரே தன் பொருள் பழையது என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். பட்டியலில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: புதிய பித்தளை அல்லது வெண்கலச் சிலை, கையால் வார்த்தது, செய்த ஆண்டு, செய்த ஊர், உயரம், எடை, எண்ணிக்கை, விலை. ‘கைவினைப் பொருள்’ என்று மொட்டையாக எழுதுவதும் உதவாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரியாவிட்டால் அவர் பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

அடுத்து எண். எச்.எஸ். கோடு எனப்படும் இந்தச் சரக்குக் குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றே. உலோகச் சிலைகளும் அலங்காரப் பொருள்களும் 8306 என்ற தலைப்பில் வரும். ஆனால் பக்கத்தில் இரண்டு கவர்ச்சியான எண்கள் உண்டு. 9703 என்பது சிற்பியின் அசல் கலைப்படைப்பு. 9706 என்பது நூறு ஆண்டைத் தாண்டிய பழம்பொருள். பிரிட்டன் கலைப்படைப்புகளுக்கு இறக்குமதி வாட் வரியை நடைமுறையில் 5 சதவீதமாகக் குறைத்து வாங்குகிறது. மற்றவற்றுக்கு 20 சதவீதம். ‘நம்முடையதும் சிற்பம்தானே, 9703 போடுங்கள்’ என்று வாங்குபவர் கேட்பது இதனால்தான். சிக்கல் என்னவென்றால், வணிக நோக்கில் செய்யப்படும் மரபுவழிக் கைவேலை 9703இல் சேராது என்று அந்த அத்தியாயத்தின் குறிப்பே சொல்கிறது. ஒரே ஸ்தபதி பட்டறையில் வரிசையாக வார்க்கப்படும் நடராஜரை அதில் அடைத்தால், அங்குள்ள அதிகாரி மாற்றிப் போட்டு வித்தியாசத்தை வசூலிப்பார், தாமதமும் சேரும். ஸ்தபதியின் திறமைக்கு இது மரியாதை இல்லைதான். ஆனாலும் சுங்கத்தின் கண்ணில் அவர் செய்வது 8306.

விற்பவரின் பக்கத்தில் வேண்டியவை குறைவு. இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு எனப்படும் ஐ.இ.சி.யை வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் தளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். பான் எண்ணே அந்தக் குறியீடாக வரும். அதை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பித்து உறுதிசெய்யாவிட்டால் செயலிழந்துவிடும். பெட்டி தயாரான அன்றுதான் பலருக்கு அது தெரியவருகிறது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் எல்.யூ.டி. என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் கொடுத்துவிட்டால், ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் அனுப்பலாம்.

அனுப்பும் வழிகளில் சிறு விற்பனையாளருக்குத் தோதானது அஞ்சல்துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா. 2022 முதல் நாடெங்கும் திறக்கப்பட்டுவரும் இந்த ஏற்றுமதி மையங்களில், சுங்கத் தரகர் இல்லாமல் விற்பவரே தபால் ஏற்றுமதிப் பட்டியலை இணையத்தில் நிரப்பலாம். பெட்டியின் மேல் ஒட்டும் சி.என். 23 என்ற சுங்க அறிவிப்பும் அதே விவரங்களிலிருந்து எடுக்கப்படும். உள்ளூரில் ஒப்படைத்த பெட்டி சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்கப் பார்வைக்குப் போய் விமானமேறும்.

தனியார் கூரியர் வேகமானது. ஆனால் அவர்கள் எடையோடு பெட்டி அடைக்கும் இடத்தையும் கணக்கிடுவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வருவது கன எடை. நம் நடராஜருக்குத் திருவாசியின் சுடர்களும் விரல்களும் வளையாதபடி சுற்றிலும் நுரைப்பஞ்சு வைத்து, பெட்டிக்குள் பெட்டியாக அடைத்தால் 45, 40, 30 என்று அளவு வரும். கன எடை 10.8 கிலோ. உண்மை எடை ஏழு கிலோதான் என்றாலும் கூரியர் பதினொரு கிலோவுக்கு அருகில் பணம் கேட்கும். விலை சொல்வதற்கு முன் பெட்டியை அளந்துகொள்வது நல்லது. இன்னொன்று, இடைவெளியை வைக்கோலால் அடைக்கும் பழக்கம் வெளிநாட்டுக்கு ஆகாது. ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் அதைத் தடுத்து நிறுத்தும். பச்சை மரச்சட்டத்தில் கூடு அடித்தால், மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரியில் அரைமணி நேரம் சூடேற்றியதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும். ஒட்டுப்பலகைக்கு அது தேவையில்லை.

கூரியர் முனையத்தில் ‘சாம்பிள், கிஃப்ட்னு போட்டுடலாமா சார்?’ என்று கேட்பார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் அப்படிப் போன பெட்டி வணிக ஏற்றுமதியாகப் பதிவாகாது. பவுண்டில் வந்த பணத்துக்கு வங்கி ஏற்றுமதி ஆவணம் கேட்கும்போது கையில் எதுவும் இருக்காது.

வாங்குபவரும் இதையே வேறு விதமாகக் கேட்பார்: விலையை 30 பவுண்டு என்று எழுதுங்கள், பரிசு என்று போடுங்கள். ஏன் கேட்கிறார் என்று கணக்குப் போட்டால் புரியும். சிலை 350 பவுண்டு (115 ரூபாய் என்று வைத்தால் சுமார் 40,000 ரூபாய்), அனுப்பும் செலவு 80 பவுண்டு என்று கொள்வோம். சுங்கத் தீர்வையே இல்லை என்றாலும், வாட் சிலையோடு போக்குவரத்தையும் சேர்த்து 430 பவுண்டுக்குப் போடப்படும். 20 சதவீதம் என்றால் 86 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 10,000 ரூபாய். இதற்குமேல் வரியை வசூலித்துக் கட்டுவதற்கு அஞ்சல் நிறுவனமோ கூரியரோ ஒரு கையாளும் கட்டணமும் சேர்க்கும். பிரிட்டனில் 39 பவுண்டுக்கு உட்பட்ட பரிசுக்கு வரி இல்லை. ஆனால் அது தனியாள் தனியாளுக்கு அனுப்பும் பரிசுக்கு மட்டும். 350 பவுண்டுச் சிலையை 30 பவுண்டு என்று அறிவித்துவிட்டு, கை உடைந்து போனால் காப்பீடு முப்பதுக்குத்தான் பேசும்.

பாதிச் சண்டை இந்த 86 பவுண்டால் வருவது. வாசலில் நிற்கும் தபால்காரர் சொல்லித்தான் வாங்குபவருக்கு வரி தெரிய வேண்டும் என்றால், அவர் பெட்டியைத் திருப்பி அனுப்புவார், பழி விற்பவர் மேல் விழும். விற்கும் பக்கத்திலேயே ‘இறக்குமதி வரி வாங்குபவர் பொறுப்பு, தோராயமாக இவ்வளவு’ என்று எழுதிவிட வேண்டும், அல்லது வரியை முன்னதாகவே விற்பவர் கட்டும் டி.டி.பி. முறையில் விலைக்குள் சேர்த்துவிட வேண்டும். அமெரிக்காவுக்கு இப்போது முன்கட்டணம்தான் வழி. அங்கே 800 டாலர் வரை இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29இல் நீங்கியது. அதையொட்டி இந்திய அஞ்சல்துறை அமெரிக்கப் பொட்டலங்களையே நிறுத்தி வைத்து, அக்டோபர் 15 அன்று, அறிவித்த மதிப்பில் 50 சதவீதத்தை இங்கேயே வாங்கிக்கொண்டு மீண்டும் அனுப்பத் தொடங்கியது. இந்த விகிதம் அரசியலோடு ஏறி இறங்கும். போன மாதம் கொடுத்த விலையை நம்பி இந்த மாதம் ஆர்டர் எடுப்பது ஆபத்து.

வரியைவிடப் பேசித் தீர்க்க வேண்டியது காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் அச்சு சரியாகக் காயாது. ஈரம் தங்கிய அச்சில் உருகிய உலோகத்தை ஊற்ற யாரும் துணிய மாட்டார்கள். தீபாவளி ஒட்டிக் கேட்பவருக்குப் புரட்டாசியிலேயே வார்ப்பு முடிய வேண்டும். ஆகவே ‘ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து’ என்று தேதி சொல்லாமல், வார்ப்பு, சான்று, பயணம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்பவர்களுக்குக் கோபக் கடிதம் குறைவாக வருகிறது.

அச்சு உடைக்கப்படுவதால் இன்னொரு சிலை இதேபோல் வராது. இணையத்தில் பார்த்த படத்துக்கும் வந்த சிலைக்கும் எடையில் அரைக்கிலோ, முகத்தில் ஒரு சாயல் வேறுபடும். இதைத் தவிர்க்க நல்ல வழி மெழுகு நிலையிலேயே படம் அனுப்பி ஒப்புதல் வாங்குவது. அப்போது விரலைத் திருத்தலாம், பீடத்தை உயர்த்தலாம். உலோகமான பிறகு அதற்கு வழியில்லை. முடிந்த சிலையைத் தராசில் வைத்தும் நாலா பக்கமும் ஒரு படத்தொகுப்பு எடுத்துவைத்தால், தொல்லியல் துறை விண்ணப்பத்துக்கும் வாங்குபவருக்கும் காப்பீட்டுக்கும் அதுவே போதும்.

முதல்முறை ஏற்றுமதி செய்பவர் பிரிட்டனுக்கு 135 பவுண்டுக்கு உட்பட்ட சிறு விளக்கு, சிறு பிள்ளையார் என்று இணையச் சந்தைத் தளம் வழியாகத் தொடங்கலாம். அந்த விலைக்குள் வாட்டை விற்கும்போதே தளம் வாங்கிக் கட்டிவிடும், லண்டன்காரரின் வாசலில் யாரும் பணம் கேட்க மாட்டார்கள். சொந்தத் தளத்தில் நேரடியாக விற்பவருக்கோ அதே 135 பவுண்டுக்குள் பிரிட்டனில் வாட் பதிவு செய்யும் கடமை வந்துவிடும்.