நாற்பது துளிக் கணக்கு

பாலியல் நலம் பற்றி மாணவர்களிடம் பேசக் கல்லூரிகளிலிருந்து அழைக்கும்போது நான் ஒரே ஒரு நிபந்தனைதான் வைப்பேன். பேராசிரியர்கள் யாரும் அரங்கில் உட்காரக் கூடாது. அவர்கள் வெளியே போன பிறகு, ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்துப் பெயர் போடாமல் கேள்வி எழுதச் சொல்வேன். கையைத் தூக்கிக் கேள் என்றால் அரங்கம் முழுக்கத் தலை குனிந்திருக்கும். சீட்டு கொடுத்தால் பெட்டி நிரம்பிவிடும்.

மனநல மருத்துவனாக இத்தனை வருடம் இந்தச் சீட்டுகளைப் பிரித்துப் படித்ததில் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. ஊர் மாறும், பாடப்பிரிவு மாறும், கேள்வி மாறுவதில்லை. "கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வருமா?", "கன்னம் ஒட்டிப் போச்சு, இதனாலா சார்?", "தூக்கத்தில் வெளியேறுது, நிறுத்த மாத்திரை உண்டா?", "பின்னாடி குழந்தை பிறக்காதாமே?" இத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு நம்பிக்கைதான் இருக்கிறது. நாற்பது துளி ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு துளி விந்து உண்டாகும், அதை வீணாக்கினால் உடம்பு உருக்குலையும் என்ற நம்பிக்கை.

இதை மறுத்துப் பிரசங்கம் செய்வதில் பயன் இல்லை. நான் கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்வேன். ஒரு முறை வெளியேறும் விந்து ஏறக்குறைய 3 மில்லி. மில்லிக்கு 20 துளி என்று வைத்தால் 60 துளி. அதை நாற்பதால் பெருக்கினால் 2,400 துளி ரத்தம், அதாவது 120 மில்லி. வாரத்துக்கு இரண்டு முறை சுயஇன்பம் செய்கிற பையன், இந்தக் கணக்குப்படி வாரம் 240 மில்லி ரத்தத்தை இழக்கிறான். பன்னிரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட 3 லிட்டர். மனித உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். ரத்த வங்கியில் ஒரு தடவைக்கு 350 மில்லி எடுத்துவிட்டு, அடுத்த மூன்று மாதத்துக்கு வராதே என்று அனுப்புகிறார்கள். அப்படியானால் இந்த அரங்கில் பாதிப் பேர் ஸ்ட்ரெச்சரில் அல்லவா வந்திருக்க வேண்டும்? முதல் சிரிப்பு இங்கேதான் எழும். அதற்குப் பிறகு பையன்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

விந்து ரத்தத்தை வடிகட்டி எடுத்த சத்து அல்ல. அதில் மூன்றில் இரண்டு பங்கு, சிறுநீர்ப் பைக்குப் பின்னால் உள்ள விந்துப் பைகள் சுரக்கும் திரவம். மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவது. விதையில் உற்பத்தியாகி வரும் உயிரணுக்களின் பங்கு நூற்றில் ஐந்தைத் தாண்டாது. கண்ணெதிரே ஒரு சான்றும் உண்டு. வாசக்டமி எனும் ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையில், விதையிலிருந்து வரும் குழாயை வெட்டிக் கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் அந்த ஆளுக்கு விந்து முன்பு போலவே வருகிறது, அளவில் வித்தியாசமே தெரிவதில்லை. உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் ஃபிரக்டோஸ் சர்க்கரை, சிறிது புரதம், துத்தநாகம். ஒரு வாய் இட்லியில் திரும்பக் கிடைத்துவிடும் சத்து.

சேர்த்து வைத்தால் பலம் கூடும் என்பதும் நடக்காத காரியம். விதை இரவும் பகலும் உயிரணுக்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. ஓர் அணு உருவாகி முடிய இரண்டரை மாதம்வரை ஆகும். பயன்படாதவை சிதைந்து உடம்பிலேயே கரைந்துவிடும், அல்லது தூக்கத்தில் வெளியேறும். 'சொப்பன ஸ்கலிதம்' என்று பெயர் வைத்துப் பயமுறுத்துவது இதைத்தான். வயதுக்கு வந்த பையனுக்கு இது இயல்பு. அதற்கு மாத்திரையும் கிடையாது, தேவையும் கிடையாது.

இந்த நாற்பது நம்மூர்ச் சரக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்ட உணவு ரசமாகி, ரத்தமாகி, கடைசியில் ஏழாவது தாதுவாக விந்தாகிறது என்று ஆயுர்வேதம் வகுத்தது உண்மைதான். ஆனால் 1760இல் டிஸ்ஸோ என்ற சுவிஸ் மருத்துவரும், ஓர் அவுன்ஸ் விந்தை இழப்பது நாற்பது அவுன்ஸ் ரத்தத்தை இழப்பதைவிட மோசம் என்று புத்தகம் எழுதி ஐரோப்பாவையே நடுங்க வைத்தார். அங்கே அந்தப் பயம் போக இருநூறு வருடம் பிடித்தது. இங்கே 1960இல் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக், விந்து போய்விடுகிறதே என்ற கவலையால் மெலிந்து சோர்ந்து வரும் இளைஞர்களின் நிலைக்கு 'தாத் சின்ட்ரோம்' என்று பெயர் சூட்டினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பிலும் அது இடம்பெற்றது. அங்கே நோய் என்று சொல்லப்படுவது விந்து இழப்பை அல்ல, அதைப் பற்றிய பயத்தை.

அந்தப் பயம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். இவன் தனி ஆள் இல்லை. என்னிடம் வந்த பலரை ஒருவனாக்கிச் சொல்கிறேன். வயது இருபது, இரண்டாம் ஆண்டு, விடுதி வாசம். சிறுநீர் கழிக்கும்போது வெள்ளையாக ஏதோ போவதைப் பார்க்கிறான். செல்போனில் தேடினால் முதலில் வந்து நிற்பது விளம்பரம்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் மாதம் ஒரு நாள் முகாம் போடும் வைத்தியரிடம் போகிறான். அவர் கையைப் பிடித்து நாடி பார்த்து, "பாதி ஆண்மை போயிடுச்சு தம்பி, இப்பவாவது வந்தீங்களே" என்று சொல்லி, லேகியத்துக்கும் பஸ்பத்துக்கும் செமஸ்டர் கட்டணத்தில் கை வைத்துவிடுகிறார். பையனுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை, பசி இல்லை, படித்தது தலையில் நிற்பதில்லை. எடை குறைகிறது. பார்த்தாயா, வைத்தியர் சொன்னது சரிதான் என்று நம்பிவிடுகிறான்.

அந்த வெள்ளை என்ன? பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு. சாப்பிட்ட பிறகு சிறுநீரின் அமிலத்தன்மை குறையும் நேரத்தில் இந்த உப்பு படிந்து சுண்ணாம்பு கலந்தது போல் கலங்கும். ஆய்வகத்தில் சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டால் கலங்கல் கண்ணெதிரே தெளிந்துவிடும். என்னிடம் வருகிறவனை ஆய்வகத்துக்கே அனுப்பி நேரில் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். பத்து நிமிட அறிவுரையைவிட அது நன்றாக வேலை செய்யும். விந்து வெளியேறும் நேரத்தில் சிறுநீர்ப் பையின் வாய் இறுக மூடிக்கொள்வதால் இரண்டும் சேர்ந்து வர வழியும் குறைவு. மலச்சிக்கலில் முக்கும்போது பிசுபிசுப்பாக ஓரிரு துளி வந்தால் அது புராஸ்டேட்டின் சுரப்பு. எரிச்சல், காய்ச்சல், சீழ் இருந்தால் மட்டும் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். அதைச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே என் துறைக்காரர்களிடமும் ஒரு வருத்தம் உண்டு. இப்படி வரும் பையனைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, போய்ப் படி" என்று சிரித்து அனுப்புகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவனுக்குச் சோர்வு நிஜம், எடை குறைந்ததும் நிஜம். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பதற்றமா, மனச்சோர்வா என்று கேட்டுச் சிகிச்சை தர வேண்டும். சிரித்து அனுப்பினால் அவன் நேராக லாட்ஜுக்குத்தான் போவான். அங்கே அவனை மரியாதையாக உட்கார வைத்துக் கேட்கிறார்களே.

இதே பையன் சில வருடம் கழித்துக் கல்யாணம் செய்துகொள்கிறான். முதல் இரவில் உள்ளுக்குள் ஓடுவது ஒன்றுதான்: நம்மால் முடியுமா? விறைப்பு வர ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிய வேண்டும். பயம் சுரக்க வைக்கும் அட்ரினலின் அவற்றைச் சுருக்கிவிடும். உறுப்பில் கோளாறு இல்லாமலேயே அன்று தோல்வி. அடுத்த நாள் பயம் இரட்டிப்பு. இப்படி வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது காலை விறைப்பு பற்றித்தான். ஆரோக்கியமான ஆணுக்குக் கனவுத் தூக்கத்தின்போது இரவில் மூன்று முதல் ஐந்து தடவை தானாக விறைப்பு வரும்; கடைசித் தடவை கண்விழிக்கும்போது தெரியும். அது இருந்தால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாக உள்ளன, சிக்கல் மனதில். அதுவும் நின்றுபோய், வயதும் நாற்பதைத் தாண்டி, புகையோ சர்க்கரையோ இருந்தால் இதயத்தையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும்.

அளவு பற்றிய சீட்டுகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 15,521 ஆண்களை மருத்துவத் துறையினர் அளந்த விவரங்களை 2015இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். விறைத்த நிலையில் சராசரி 13 சென்டிமீட்டர், சாதாரண நிலையில் 9. நீலப்படத்தில் பார்ப்பது பொறுக்கி எடுத்த ஆட்களையும் கேமரா கோணத்தையும். நேரமும் அப்படித்தான். 2005இல் ஐந்து நாடுகளில் தம்பதிகள் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து அளந்த ஆய்வில் இடைநிலை அளவு ஐந்தரை நிமிடத்துக்கும் குறைவு. அரை மணி நேரம் என்று விடுதியில் அளக்கிறவனை நம்பாதீர்கள்.

சுயஇன்பத்தால் ஒரு சிக்கலும் வராது என்று ஒரேயடியாகவும் சொல்ல மாட்டேன். வகுப்பும் தூக்கமும் கெட்டு, நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் உதவி தேவை. அளவுக்கு மீறி இறுக்கிப் பழகியவர்களுக்குத் துணையோடு சேரும்போது உணர்ச்சி எட்டாமல் போவதும் உண்டு. பழக்கத்தை மாற்றினால் சரியாகும். எத்தனை முறை என்பதற்கு மருத்துவத்தில் எண் கிடையாது.

பாலியல் சக்தியைக் கூட்டும் என்று மருந்தை விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வு விளம்பரச் சட்டப்படியே குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாதம்வரை சிறை. அந்த விளம்பரங்கள் இன்றும் ஓடுகின்றன. 'மூலிகை' என்று விற்கும் மாத்திரைகளில் வயாக்ராவின் சில்டெனாபிலைக் கலந்து விற்றதும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்கும் ஒருவர் அதைத் தெரியாமல் விழுங்கினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

இத்தனை சீட்டுகளில் நான் அபூர்வமாகவே பார்க்கும் கேள்வி விதை வலி பற்றியது. ஒரு விதை மற்றதைவிடச் சற்றுக் கீழே இருப்பது எல்லோருக்கும் உள்ளது. ஆனால் திடீரென்று ஒரு பக்கம் கடும் வலி, வாந்தி, விதை மேலே ஏறி வீங்கியது என்றால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்ற விதையைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். நள்ளிரவானாலும் அறை நண்பனை எழுப்பி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள் தம்பிகளா, வெட்கப்பட்டு விடியட்டும் என்று படுத்திருக்காதீர்கள்.