சராசரிக்குள் மறைந்த சம்பளம்

ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனமான வூல்வொர்த்ஸ், 2019 அக்டோபர் 30 அன்று ஓர் ஒப்புதலை வெளியிட்டது. கடைகளில் மாதச் சம்பளத்தில் இருந்த சுமார் 5,700 பேருக்குப் பல ஆண்டுகளாகக் குறைவாகக் கொடுத்துவந்திருக்கிறோம், திருப்பித் தர 20 கோடி முதல் 30 கோடி டாலர் வரை ஆகலாம் என்றது. இவர்கள் காய்கறிப் பிரிவு, பேக்கரி போன்றவற்றைக் கவனிக்கும் மேலாளர்கள். புதிய கூலி ஒப்பந்தம் வந்தபோது சிலர் தங்கள் சம்பளத்தை அதோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது.

கணினி தவறாகக் கூட்டவில்லை. கணக்குப் போட்ட முறையில்தான் ஓட்டை. அந்நாட்டுச் சில்லறைக் கடைகளுக்கு 2010 முதல் ‘அவார்டு’ என்ற ஊதிய ஆணை நடைமுறையில் இருக்கிறது. வாரம் 38 மணி நேரம் சாதாரண வேலை. அதற்கு மேல் ஓவர்டைம். ஞாயிறு, விடுமுறை நாட்களுக்குத் தனி விகிதம். நிறுவனமோ இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி, தவறாமல் அதையே கொடுத்தது. ஆண்டுச் சம்பளம் தருவதில் தப்பில்லை. உழைத்த மணிகளுக்கு அவார்டுப்படி வரும் தொகைக்கு அது கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். அதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

எளிதாகப் புரிய ஓர் உதாரணம். எண்கள் என் கற்பனை. ஒருவருக்கு மணிக்கு 25 டாலர் வீதம் அவார்டு நிர்ணயித்திருக்கிறது. நிறுவனம் தரும் வாரச் சம்பளம் 1,250 டாலர். 38 மணி நேரத்துக்கு 950 போதும் என்பதால், 300 டாலர் தாராளமாகவே தெரிகிறது. கிறிஸ்துமஸ் நெரிசலில் அவர் 50 மணி நேரம் வேலை செய்கிறார். கூடுதல் 12 மணியில் முதல் மூன்றுக்கு ஒன்றரை மடங்கு, மீதி ஒன்பதுக்கு இரட்டிப்பு என்றால் 112.50-ம் 450-ம் சேர்ந்து ஓவர்டைம் 562.50. ஆக அந்த வாரம் வரவேண்டியது 1,512.50. கைக்கு வந்ததோ 1,250. குறைந்தது 262.50.

அடுத்த வாரம் 38 மணி நேரம்தான். அதே 1,250 வருகிறது. இரண்டு வாரத்தையும் கூட்டினால் கொடுத்தது 2,500, கொடுக்க வேண்டியது 2,462.50. “பாக்கியே இல்லையே, 37.50 கூடத்தானே கொடுத்திருக்கிறோம்” என்று தோன்றும். நிறுவனத்தின் ஒப்பந்தத்திலும் இதற்கு வழி வைத்திருந்தார்கள்: 26 வாரத்தைச் சேர்த்துப் பார்த்து ஒன்றின் மிச்சத்தை மற்றொன்றின் குறையில் ஈடுகட்டலாம் என்று.

ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் என்ற அரசு அமைப்பு இதை ஏற்காமல் 2021-ல் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி நை பெராம் அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தார். ஒவ்வொரு சம்பள காலத்துக்கும் உரியது அந்தந்தக் காலத்திலேயே முழுதாகப் போய்ச் சேர வேண்டும். இன்னொரு காலத்தில் கூடக் கொடுத்ததைக் காட்டிக் கழிக்க முடியாது. நம் உதாரணத்தில், வாரச் சம்பளக்காரர் என்றால், அந்த 262.50 அப்படியே பாக்கி.

இப்படியொரு பிழையை நிதிப் பிரிவுத் தலைவரிடம் கொண்டுபோகும் சம்பளப் பிரிவினர் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு வரியாக, ஆண்டு மொத்தத்தைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாளில் இந்த 262.50 எங்கும் தென்படாது. ஆளுக்கும் சம்பள காலத்துக்கும் தனித்தனி வரி வேண்டும்: உழைத்த மணி, அவார்டுப்படி வரவேண்டியது, கொடுத்தது, குறை. கூடக் கொடுத்த வாரங்களில் குறை என்ற இடத்தில் பூஜ்யம். கழித்தல் குறி போட்டு மொத்தத்தில் சேர்த்துவிடக் கூடாது. இதற்கு மேல் வட்டி, ஓய்வூதிய நிதிக்கான பங்கு, சம்பளத்தின் மீது அரசு வாங்கும் வரி ஆகியவை வரும். நிறுவனம் முதலில் சொன்ன தொகை பின்னர் ஏறியதில் இவற்றுக்கும் பங்குண்டு.

திருத்தமும் பிழையாகலாம் என்பதற்கு இந்த வழக்கே சாட்சி. 70 மேலாளர்களை மாதிரியாக எடுத்து, 2018 மார்ச் முதல் ஓராண்டுக் கணக்கை ஆம்புட்ஸ்மன் தானே போட்டது. குறைந்த தொகை சுமார் 11.7 லட்சம் டாலர், நிறுவனம் திருப்பிக் கொடுத்த பிறகும் 7 லட்சத்துக்கு மேல் பாக்கி என்பது அதன் வாதம்.

மணிக் கணக்கு எங்கிருந்து கிடைக்கும் என்பது இன்னும் கடினமான கேள்வி. மாதச் சம்பளக்காரர்தானே என்று இவர்களது ஓவர்டைம் மணிகளைத் தனியாகப் பதிந்துவைக்கவில்லை. ரோஸ்டரில் காலை ஏழு முதல் மாலை நான்கு வரை என்றிருக்கும். ஆள் ஆறுக்கே வந்து கடையைத் திறந்திருப்பார். வேலை நேரப் பட்டியலையும் வருகைப் பதிவையும் தேடியெடுத்துக் கோத்தால் தெரிந்துவிடும் என்ற விளக்கம் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. ஓவர்டைம் மணிகள் ஆய்வாளர் கேட்டவுடன் எடுத்துப் பார்க்கும்படி பதிவேட்டிலேயே இருந்திருக்க வேண்டும் என்றார் நீதிபதி.