இடுப்பு ஒடுங்கிய பாட்டில்

ரயில் பயணத்தில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பல வீடுகளில் மாதக்கணக்கில் ஃபிரிட்ஜ் கதவிலேயே குடியிருக்கிறது. ஒருநாள் குழந்தைக்குச் சளி பிடித்ததும் அடுப்பிலிருந்து இறக்கிய சீரகத் தண்ணீரை அதில் ஊற்றுகிறார்கள். பாட்டில் நெளிந்து, இடுப்பு ஒடுங்கி, நிற்க முடியாமல் சாய்கிறது.

காரணம் அதைச் செய்யும் விதத்தில் இருக்கிறது. விரல் நீளச் சிறு குழலைச் சூடாக்கி, இழுத்து, காற்றை ஊதி உப்ப வைத்ததுதான் அந்த பாட்டில். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் அது பெட் வகை. சுமார் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இந்த பிளாஸ்டிக் இளகிப் பழையபடி சுருங்கப் பார்க்கும்.

சுருங்குவதோடு நிற்பதில்லை. பெட் தயாரிப்பில் ஆன்டிமனி என்ற உலோகச் சேர்மத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் மிகச் சிறிதளவு தண்ணீரில் கசியும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கணக்கின்படி, 60 டிகிரியில் அந்நாட்டுக் குடிநீர் வரம்பைத் தாண்ட 176 நாள் ஆகும். 80 டிகிரியில் இரண்டே கால் நாள் போதும். ஒருமுறை வெந்நீர் ஊற்றிவிட்டதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. அதையே தினசரிப் பழக்கமாக்குவதுதான் தவறு.

ஆனால் மாதக்கணக்கில் நிரப்பிக் குடிக்கும் பாட்டிலில் ரசாயனத்தைவிட அழுக்கே முதல் கவலை. வாய் வைத்துக் குடிக்கும்போது எச்சிலோடு போகும் கிருமிகள் உட்சுவரில் ஒட்டி, வழவழப்பான படலமாகப் படியும். கழுத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்தால் வழுக்கும். தண்ணீரை ஆட்டிக் கொட்டினால் இந்தப் படலம் போகாது, தேய்த்தால்தான் போகும். குறுகிய வாய்க்குள்ளோ கை போகாது. கொதிநீர் ஊற்றவும் வழியில்லை. அரிசியையோ மணலையோ போட்டுக் குலுக்கினால் உள்ளே கீறல் விழுந்து, அடுத்த படலத்துக்கு அதுவே இடமாகும். ஆகவே இந்த பாட்டிலைச் சில நாளில் கழித்துவிடுவதே நல்லது.

தினமும் நிரப்ப, எவர்சில்வர் பாட்டிலோ, முக்கோணத்தில் 5 என்றுள்ள அகன்ற வாய் பாட்டிலோ வாங்கலாம். இரவில் மூடியைக் கழற்றி, அதற்குள் இருக்கும் ரப்பர் வளையத்தையும் தனியே எடுக்க வேண்டும். கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை முதலில் தெரிவது அங்கேதான். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சோப்புக் கரைசலை விட்டு, நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் அடிப்பகுதி, கழுத்து, மரைகள் எல்லாவற்றையும் தேய்த்து, நுரை போகும்வரை அலச வேண்டும். வாடை தங்கினால் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு அலசலாம்.

பிறகு மூடாமல், கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்தால் காலையில் திறக்கும்போதே பூஞ்சை வாடை அடிக்கும். வளையத்தில் ஏறிய கறுப்பு தேய்த்தும் போகவில்லையென்றால், அந்த வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்.