வடிவமைப்பின் மீதான கடும் விமர்சனத்தைக் கேட்டலும் பிரித்தறிதலும்

தான் வடிவமைத்த ஒன்றைப் பற்றிப் பிறர் கூறும் கடுமையான கருத்துகளை மறுத்துப் பேசாமல் கேட்டு, அவற்றுள் திருத்த வேண்டியவற்றைப் பிரித்தெடுப்பது வடிவமைப்புப் பயிற்சியின் ஒரு பகுதியாகும். கேட்கும்போது விளக்கம் சொல்லக் கூடாது என்பது பணிவுக்காக அன்று. விளக்கத்தைக் கேட்டுவிட்டவர் அதன் பிறகு புதிய பார்வையாளர் அல்லர். சுவரொட்டி தெருவில் ஒட்டப்பட்ட பின் அதன் அருகில் நின்று விளக்க ஒருவரும் இருக்கப்போவதில்லை.

கல்லூரி மாணவி ஒருவர் இரத்ததான முகாமுக்குச் சுவரொட்டி வடிவமைத்துத் தோழர்களிடம் காட்டுகிறார் என்று கொள்வோம். "ஒன்றுமே விளங்கவில்லை, குப்பை" என்கிறார் ஒருவர். "இந்த மஞ்சள் பிடிக்கவில்லை" என்கிறார் இன்னொருவர். "இரத்தத் துளிப் படம் பழசு, மாற்று" என்பது மூன்றாமவர் கருத்து. மாணவி மூன்றையும் சொன்ன சொல் மாறாமல் எழுதிக்கொள்கிறார், பிறகு ஒவ்வொருவரிடமும், "பார்த்தவுடன் எதைத் தேடினீர்கள்?" என்று மட்டும் கேட்கிறார்.

"குப்பை" என்றவர் முகாம் நடக்கும் இடத்தைத் தேடியிருக்கிறார். அது கீழே, ஆதரவாளர்களின் பெயர்களுக்கு அடியில், சிறிய எழுத்தில் இருந்தது. வசைச்சொல்லுக்குள் இருந்தது உண்மையான குறை. மஞ்சளைப் பற்றிய பேச்சு வெறும் ரசனை போலத் தோன்றும். ஆனால் தேதி, வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்தாக இருந்தது. வெள்ளைக்கும் தூய மஞ்சளுக்கும் உள்ள ஒளி வேறுபாட்டு விகிதம் ஏறத்தாழ 1.07:1 தான். இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டி பெரிய எழுத்துக்கே 3:1, சாதாரண எழுத்துக்கு 4.5:1 கேட்கிறது. அச்சுக்கும் அது நல்ல அளவுகோலே. ஆகவே மஞ்சளை அடியோடு நீக்க வேண்டியதில்லை; தேதியைக் கருநீலமாக்கி, மஞ்சளை ஓரப் பட்டையில் வைத்துக்கொள்ளலாம். விமர்சகர் காட்டும் வலி பெரும்பாலும் சரியாக இருக்கும், அவர் சொல்லும் மருந்து அப்படி இருப்பதில்லை.

துளிப் படத்துக்கு ஒரு சோதனை போதும். சுவரொட்டியை முன்பு பார்க்காத ஒருவருக்குப் பத்தடி தூரத்திலிருந்து ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, என்ன, எப்போது, எங்கே என்று கேட்க வேண்டும். மூன்று நான்கு பேரிடம் கேட்டும் "என்ன" என்பதற்கு உடனே விடை வந்தால், படம் பழசானாலும் தன் வேலையைச் செய்கிறது, அதை விட்டுவிடலாம். திருத்திய பிறகு இதே சோதனையை, முன்பு பார்த்தவர்களை விட்டுப் புதியவர்களிடம் செய்ய வேண்டும்.

எத்தனை பேர் சொன்னார்கள் என்ற கணக்கில் ஏமாற இடமுண்டு. கூட்டத்தில் முதலில் பேசுபவரின் கருத்தையே மற்றவர்கள் வழிமொழிவது வழக்கம். அந்த ஐந்து குரலும் ஒரு குரல்தான். பேசுவதற்கு முன் தனித்தனிச் சீட்டில் எழுதி வாங்கினால் இது தெரிந்துவிடும். மாறாக, சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாத ஒருவர் மட்டும் "இந்த வரியைப் படிக்க முடியவில்லை" என்றால், வேறு யாரும் சொல்லவில்லை என்பதற்காக அதைத் தள்ள முடியாது.