அந்த வரியில் விடுபட்ட பஃபர்

நான் கையில் வைத்திருந்த பழைய அறிக்கையின் ஆய்வுமுறைப் பகுதியில் பிஎச் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி. ‘கடல்நீரின் பிஎச் மதிப்பு, பிஎச் மீட்டரால் அளக்கப்பட்டது.’ அதற்குக் கீழே பன்னிரண்டு மாதங்களின் அளவுகள் அட்டவணையாக இருந்தன: 8.15, 8.2, 8.1 என்று. இன்று அதே கரையில் நாங்கள் அளப்பதோடு அவற்றை ஒப்பிட வேண்டியிருந்தது. மூன்று நாள் முயன்றும் முடியவில்லை. எந்த பஃபரை வைத்து மீட்டரைத் திருத்தினார்கள் என்று எங்கேயும் எழுதவில்லை.

பிஎச் மீட்டருக்கு பிஎச் தெரியாது. கண்ணாடி எலக்ட்ரோடு தரும் மின்னழுத்தத்தை மில்லிவோல்ட்டில் அளக்க மட்டுமே அதற்குத் தெரியும். பிஎச் தெரிந்த ஒரு பஃபரில், அதாவது தாங்கல் கரைசலில், எலக்ட்ரோடை முக்கி, ‘இதுதான் 7’ என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். பிறகு 25 டிகிரி வெப்பத்தில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்ற கணக்கில் மற்றவற்றை அது சொல்கிறது. ஆகவே அது காட்டும் ஒவ்வொரு எண்ணும், சொல்லிக்கொடுத்த பஃபரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான். பஃபரைச் சொல்லாத அளவு, எங்கிருந்து என்று சொல்லாமல் ‘மூன்று கிலோமீட்டர்’ என்பதைப் போன்றது.

அன்று இந்த வரி சுருக்கமாக இருந்ததற்குக் காரணம் அலட்சியம் அல்ல. முள் ஆடும் மீட்டர்கள் அவை. 4, 7, 9.2 என்று மூன்று பஃபர் மாத்திரைகள் வரும். ஒன்றை உடைத்து 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, எலக்ட்ரோடை முக்கி, முள் 7-க்கு வரும்வரை திருகுவோம். இன்னொரு திருகால் சரிவைச் சரிசெய்வோம். முள்ளை நம்பிக்கையோடு படிக்க முடிந்தது 0.05 வரைதான். கழிவுநீர் கலந்திருக்கிறதா, நீர் 7-ஆ 8-ஆ என்பதே கேள்வியாக இருந்தபோது அது போதும். பஃபர் விவரம் ஆய்வகப் பழக்கத்தில் இருந்தது. அறிக்கையில் எழுத வேண்டிய செய்தி என்று யாருக்கும் தோன்றவில்லை.

கேள்வி மாறியதும்தான் அந்த வரி போதாமல் போயிற்று. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்திலிருந்து இன்றுவரை கடல்மேற்பரப்பின் பிஎச் சுமார் 0.1 குறைந்திருக்கிறது. இப்போதைய வேகம் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 0.02. இவ்வளவு சிறிய நகர்வைப் பழைய அளவுகளில் தேடும்போது, அளந்த முறையே எத்தனை நகர்த்தியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

அங்கேதான் கடல்நீரின் சிக்கல் வருகிறது. வழக்கமான பஃபர்கள் உப்பு குறைந்த கரைசல்கள். கடல்நீரோ ஒரு கிலோவுக்கு 35 கிராம் உப்பு கொண்டது. ஒப்பீட்டு எலக்ட்ரோடின் நுண்துளை வழியாக பொட்டாசியம் குளோரைடு கசிந்து கரைசலைத் தொடும் இடத்தில் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். பஃபரில் ஒரு மதிப்பு, கடல்நீரில் வேறு மதிப்பு. மீட்டர் இதை அறியாது. அந்த வித்தியாசத்தையும் பிஎச் என்றே காட்டும். எலக்ட்ரோடுக்கு எலக்ட்ரோடு அது மாறும் என்பதால் ஒரே எண்ணைக் கழித்துத் திருத்தவும் முடியாது. இதற்கு வழிதேடி 1973-இல் இங்கேமார் ஹான்சன், பஃபரையே செயற்கைக் கடல்நீரில் தயாரித்து, அதற்கென ஓர் அளவுகோலையும் முன்வைத்தார். அதிலிருந்து வந்ததே இன்று ‘மொத்த அளவுகோல்’ எனப்படுவது. சல்பேட்டோடு சேர்ந்திருக்கும் ஹைட்ரஜன் அயனியையும் அது கணக்கில் சேர்க்கிறது. பழைய அளவுகோலோ, அமெரிக்கத் தேசியத் தரநிலைப் பணியகத்தின் பஃபர்களை அடிப்படையாகக் கொண்டது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். எண்கள் நான் உதாரணத்துக்காக எடுத்தவை. ஒரு மாதிரியில் எலக்ட்ரோடு −63.4 மில்லிவோல்ட் காட்டுகிறது. அதே எலக்ட்ரோடு, 25 டிகிரியில் 6.865 பிஎச் உள்ள பாஸ்பேட் பஃபரில் +14.4 காட்டியது. வித்தியாசம் 77.8. அதை 59.16-ஆல் வகுத்தால் 1.315. கூட்டினால் மாதிரியின் பிஎச் 8.18. இனி அதே எலக்ட்ரோடை, செயற்கைக் கடல்நீரில் தயாரித்த டிரிஸ் பஃபரில் முக்குவோம். 25 டிகிரியில், உப்புத்தன்மை 35-இல் அதன் பிஎச் 8.094. அங்கே −66.0 வந்தது என்று கொள்வோம். வித்தியாசம் 2.6 மில்லிவோல்ட், அதாவது 0.044. மாதிரி டிரிஸைவிட அந்த அளவு அமிலத்தன்மை கூடியது, ஆக 8.05. ஒரே தண்ணீர், ஒரே எலக்ட்ரோடு, ஒரே மில்லிவோல்ட். வித்தியாசம் 0.13. பத்தாண்டுக்கு 0.02 என்றால் அறுபது ஆண்டு மாற்றத்துக்கும் மேலானது அது.

இன்று எங்கள் அறிக்கையில் அந்தப் பகுதி இப்படி வருகிறது: ‘கூட்டுக் கண்ணாடி எலக்ட்ரோடு, 25.0 டிகிரியில், உப்புத்தன்மை 35 உள்ள செயற்கைக் கடல்நீரில் தயாரித்த டிரிஸ் பஃபரைக் கொண்டு அளவுதிருத்தம் செய்யப்பட்டது. இரண்டாவது பஃபராக, அதே கடல்நீரில் கரைத்த அமினோபிரிடின் கொண்டு சரிவு சோதிக்கப்பட்டது. கிடைத்த சரிவு 58.7 மில்லிவோல்ட். ஒவ்வொரு பத்து மாதிரிக்குப் பின்னும் டிரிஸ் மீண்டும் அளக்கப்பட்டது. மதிப்புகள் மொத்த அளவுகோலில், 25 டிகிரிக்கு உரியவை.’

நீளமான பத்தி என்று இளைய மாணவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் இதில் எந்தத் துண்டை எடுத்தாலும் ஒரு ஓட்டை விழும். சரிவை எழுதாவிட்டால் எலக்ட்ரோடு தேய்ந்திருந்ததா என்று யாருக்கும் தெரியாது. நான் மிகவும் பிடிவாதமாகக் கேட்பது வெப்பநிலையைத்தான். டிரிஸின் பிஎச், ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 0.03 இறங்கும். நம் ஊரில் மதியம் மின்விசிறி ஓடும் அறையில் பஃபர் 27 டிகிரிக்கு வந்திருக்கும். மீட்டரில் 25-க்குரிய 8.094-ஐப் பதித்தால் அங்கேயே 0.06 பிழை. மீட்டரின் தானியங்கி வெப்பத் திருத்தம் இதைக் காப்பாற்றாது. அது சரிவை மட்டும்தான் திருத்தும். பஃபரின் மதிப்பு மாறியதை, அந்த பஃபருக்குரிய அட்டவணை அதனுள் இல்லாதவரை, அறியாது. குளிர்நீர்த் தொட்டியில் பஃபரையும் மாதிரியையும் சேர்த்தே வைத்து ஒரே வெப்பத்துக்கு வந்தபின் அளப்பதே ஒழுங்கு. அப்படிச் செய்திருந்தால் எழுதுவது சுலபம். செய்யாதவருக்குத்தான் அந்த வரி எழுதவே கை வராது.

மறந்துபோன இன்னொன்று, பஃபர் பாட்டிலின் வயது. திறந்து வைத்த காரப் பஃபர் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை இழுத்து மெல்ல இறங்கும். 4-க்குரிய தாலேட் பஃபரில் பூஞ்சை மிதக்கும். தயாரித்த தேதியையும் இப்போது எழுதுகிறோம்.

அந்தப் பழைய அறிக்கைக்கு வருகிறேன். நான்காம் நாள், அதே வேலையின் ஆய்வுப்பதிவேடு பழைய அலமாரியில் அகப்பட்டது. தாள் ஓரத்தில் பென்சிலில், ‘பாஸ்பேட் 6.86, போராக்ஸ் 9.18, அறை 29 டிகிரி’ என்று மாதாமாதம் குறித்து வைத்திருந்தார்கள். அச்சுக்குப் போகும்போது யாரோ ஒரு கை அதை வெட்டி, ஒரே வரியாக்கியிருக்கிறது. அந்தப் பென்சில் எழுத்தால் மதிப்புகள் மொத்த அளவுகோலுக்கு மாறிவிடவில்லை. எலக்ட்ரோடு இன்று இல்லை, டிரிஸில் அது என்ன காட்டியிருக்கும் என்று அறிய வழியில்லை. ஆனால் அவை எந்த அளவுகோலைச் சேர்ந்தவை என்று தெரிந்துவிட்டது. பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கிய வித்தியாசத்தை மட்டும், ஒரே பஃபர் என்பதால், எங்கள் அளவுகளின் பருவ வித்தியாசத்தோடு பக்கத்தில் வைக்க முடிந்தது. எங்கள் அட்டவணையில் அந்தப் பன்னிரண்டு எண்களுக்கும் எதிரே, பதிவேட்டில் இருந்த பஃபர்களையும் 29 டிகிரியையும் எழுதிச் சேர்த்தேன்.