முதல் லேப்டாப்புக்கு என்ன கேப்ஷன் போடலாம்?

மூலக்கொத்தளத்துல சாயங்காலம் டியூஷன் எடுக்கிற காலேஜ் ஸ்டூடன்ட் ஒருத்தர்னு வச்சுக்கோங்க. 5 பசங்க, ஆளுக்கு மாசம் 500 ரூபாய். மாசம் 2,500-ஐத் தொடாம சேர்த்தா, 14 மாசத்துல 35,000. லேப்டாப் வந்தாச்சு. இன்ஸ்டாவில் என்ன எழுதுவது?

கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரை இடம் உண்டு. ஆனா, ஸ்க்ரோல் பண்றவங்களுக்கு முதல் ஓரிரு வரிதான் தெரியும். மீதி 'more'-க்குள்ள போயிடும். தமிழ்ல புள்ளி, துணைக்குறி எல்லாம் தனித்தனியா கணக்காகும். 'மூலக்கொத்தளம்' நமக்கு 8 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 13. அதனால 'கனவு நனவானது'ன்னு இழுக்காம, கணக்கையே முதல்ல வைங்க:

"5 பசங்க, 14 மாச டியூஷன், 35,000 ரூபாய். என் முதல் லேப்டாப்!"

நன்றியெல்லாம் அடுத்த வரியில்.

போட்டோவில் பில்லும் பெட்டி ஸ்டிக்கரும் வேண்டாம். பில்லில் உங்க பேரும் போன் நம்பரும் இருக்கும். ஸ்டிக்கரில் சீரியல் நம்பர் இருக்கும். இது போதும், 'வாரன்ட்டி விஷயமா பேசுறோம்'னு ஒரு மோசடி போன் நிஜம் மாதிரியே வர. போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி படத்தை ஜூம் பண்ணிப் பாருங்க. நம்பர் படிக்க முடிஞ்சா, க்ராப் பண்ணிடுங்க.