அழகான படமா, அதே முகமா?

முகப்படம் வரைய எந்த ஏ.ஐ. கருவி நல்லது என்று பார்க்க, ஒவ்வொன்றும் தந்ததில் அழகானதை எடுத்து ஒப்பிடுகிறோம். ஆனால் அழகாக வருவது வேறு, அதே ஆளாக வருவது வேறு.

அனுமதி தந்த ஒரு பாட்டியின் புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். நரைத்த கொண்டை, இரு பக்கமும் மூக்குத்தி, அவருடைய இடக் கன்னத்தில் மச்சம். ப்ராம்ப்ட் இது: “இந்தப் படத்தில் உள்ள பெண், மார்பளவு, இடப்பக்க ஜன்னல் வெளிச்சம், பழுப்புச் சேலை, கேமராவைப் பார்க்கிறார்.” எல்லாக் கருவிகளுக்கும் அதே புகைப்படம், அதே சொற்கள், அதே நீள அகலம். ஒவ்வொன்றிலும் நான்கு படம் எடுத்து நான்கையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் படம் மாறுவதால், ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒரே ப்ராம்ப்ட் கொடுத்தாலும் அது ஒரே மாதிரி போய்ச் சேராது. 2023-இல் சாட்ஜிபிடியில் டால்-இ 3 வந்தபோது, நாம் எழுதியதை விரித்து எழுதிய பிறகே படம் வரையப்பட்டது. மிட்ஜர்னி தன் பாணியைச் சேர்க்கும்; `--style raw` போட்டால் அது குறையும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோப்புகளுக்குக் கருவியின் பெயர் வேண்டாம். அ, ஆ, இ என்று பெயரிட்டு, பாட்டியை நன்கு தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் 0, 1, 2 என்ற மதிப்பெண் போதும்.

முதலில் சாயல். படத்தைச் சிறிதாக்கிப் பார்த்ததும் ‘இவர்தான்’ என்று தோன்றினால் 2. ‘தங்கை மாதிரி இருக்கிறார்’ என்றால் 1. வேறு ஆள் என்றால் 0. பிறகு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, தாடை, மச்சம் இருக்கும் பக்கம் ஆகியவற்றைப் புகைப்படத்தோடு சரிபாருங்கள். அடுத்தது நுணுக்கம்: சுருக்கம், நரைமுடியின் இழை, சேலை நெசவு. கருவிகள் வயதைக் குறைத்துத் தோலை மழமழவென்று ஆக்கிவிடுவது வழக்கம். கூர்மையாகத் தெரிந்தாலும் சுருக்கம் போயிருந்தால் இங்கே 0 தான்.

பிழைகளை இருமடங்கு பெரிதாக்கித் தேடுங்கள். இரு கண்மணிகளிலும் ஜன்னல் வெளிச்சம் ஒரே பக்கம் மின்னுகிறதா? மூக்குத்தி தோலோடு உருகிப்போயிருக்கிறதா? கொண்டை பின்னணியில் கரைகிறதா? பிழையே இல்லையென்றால் 2, தேடினால்தான் தெரியும் என்றால் 1, பார்த்ததும் உறுத்தினால் 0.

‘ஆ’ படத்துக்குச் சாயல் 0, நுணுக்கம் 2, பிழை 2 என்று வரலாம். ‘இ’ படத்துக்கு 2, 1, 1 வரலாம். கூட்டினால் இரண்டும் 4. பாட்டியின் படம் வேண்டுமென்றால் ‘ஆ’ உதவாது. அதனால் மூன்றையும் கூட்டாமல் தனித்தனியே எழுதுவதே சரி; சாயல் 0 வாங்கிய படத்தை உடனே விலக்கிவிடலாம். நான்கு படங்களின் சாயலும் 2, 2, 0, 2 என்று வந்தால் சராசரியில் மறைத்துவிடாமல் அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் தேதியையும் பதிப்பு எண்ணையும் குறித்துவையுங்கள். பதிப்பு மாறினால் பட்டியலை மறுபடி போட வேண்டியிருக்கும்.